வளைந்த ஓரமுள்ள புல்தரைக்கு எவ்வளவு புல் வேண்டும்?

தோட்டத்தில் போடும் புல் ஷீட்டாக வந்தால் சதுர அடிக் கணக்கில் வாங்கப்படுகிறது. விதையாக வந்தால் கிராம் கணக்கில். இரண்டுக்கும் முதலில் தெரிய வேண்டியது தரையின் பரப்பளவு. நான்கு பக்கமும் நேராக, மூலைகள் சதுரமாக இருந்தால் நீளத்தை அகலத்தால் பெருக்கினால் போதும். பூம்பாத்தியை ஒட்டி வளைந்தோடும் ஓரம், அரைவட்டமாக வெளியே தள்ளிய ஒரு பக்கம், நடுவே மரத்தைச் சுற்றி ஒரு வட்டப் பாத்தி என்று அமைந்த தரையில் நீளம் எது, அகலம் எது என்பதே தெளிவாக இராது. அப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் நடப்பது, மிக நீளமாகத் தெரியும் இடத்தில் ஒரு அளவும் மிக அகலமாகத் தெரியும் இடத்தில் ஒரு அளவும் எடுத்துப் பெருக்கிவிடுவதுதான். இந்தக் கட்டுரையில் அளந்து காட்டப்படும் தரைக்கு அந்த முறை 838 சதுர அடி என்கிறது. உண்மையில் வேண்டியது 605 சதுர அடி.

புல் ஷீட்டைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம் லேசானதல்ல. மண்ணோடு வெட்டி எடுத்து அடுக்கி லாரியில் வரும் ஷீட்டை வந்த அன்றே, தப்பினால் மறுநாளே, விரித்துவிட வேண்டும். அடுக்கின் நடுவே சூடு ஏறிப் புல் மஞ்சளாகிவிடும் என்பதால் மிஞ்சியதை எடுத்து வைத்து அடுத்த வாரம் பயன்படுத்த முடியாது. குறைந்துபோனால் இன்னொரு வண்டி வர வேண்டும்; அதில் வரும் புல் வேறு வயலில் வெட்டியதாக இருந்தால் நிறமும் அடர்த்தியும் ஒத்துப்போகாமல் தரையில் ஒட்டுப்போட்டது போலப் பல மாதம் தெரியும். சதுர அடி 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன 233 சதுர அடி வித்தியாசத்தின் விலை மட்டும் 4,660 ரூபாய்.

வளைந்த தரையை அளப்பதற்கு வளைவை அளக்க வேண்டியதில்லை. தரைக்குள் அடங்கும் பெரிய செவ்வகம் ஒன்று, அதன்மேல் ஒரு முக்கோணம், பக்கத்தில் ஒட்டிய அரைவட்டம் என்று நேர்க்கோடுகளாலும் வட்டங்களாலும் ஆன சில துண்டுகளாகத் தரையைப் பிரித்து, அவற்றைத் தாண்டி வெளியே புடைத்திருப்பதைக் கூட்டி, உள்ளே வாங்கியிருப்பதைக் கழித்தால் பரப்பளவு வந்துவிடும். இதில் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு: ஒரு புடைப்பின் பரப்பை இரண்டே அளவுகளால் கண்டுபிடிக்கும் விதி, எந்த அளவு பிசகினால் கணக்கு கெடும், எது பிசகினாலும் பரவாயில்லை என்ற விவேகம்.

அளப்பதற்கு முன் ஓரம் தரையில் தெரிய வேண்டும். நீண்ட தண்ணீர்க் குழாயை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் இளகிவிடும். அதை விரும்பிய வளைவில் கிடத்தி, ஓரமாகச் சுண்ணாம்புப் பொடி தூவினால் கோடு நிற்கும். பிறகு ஒரு தாளில் தோராயமான படம். அளவு விகிதம் எதுவும் வேண்டாம். எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் இடையில் எத்தனை அடி என்று எழுத இடம் இருந்தால் போதும். 100 அடி டேப், நான்கைந்து முளைக்குச்சி, ஒரு சணல் கயிறு, இவ்வளவுதான் கருவிகள்.

எடுத்துக்கொள்ளும் தரை ஒரு வீட்டின் பின்புறம் இருப்பதாகக் கொள்ளலாம். வராந்தாவின் ஓரம் 32 அடி நேர்க்கோடு, இதுவே அடிக்கோடு. இடது கையில் மதிற்சுவர், அடிக்கோட்டுக்குச் செங்குத்தாக 20 அடி. வலது முனையில் அதே போலச் செங்குத்தாக 14 அடிக்கு ஒரு கயிறு கட்டப்படுகிறது. அந்தக் கயிற்றுக்கு வலப்பக்கம் தரை அரைவட்டமாக வெளியே தள்ளி நிற்கிறது. இடப்பக்கத்து 20 அடி முனையிலிருந்து வலப்பக்கத்து 14 அடி முனை வரை, எதிர்ப்புறம் முழுக்க, பூம்பாத்தியின் ஓரம் பாம்பு போல வளைந்து போகிறது: முதலில் வெளியே புடைத்து, பிறகு உள்ளே வாங்கி. நடுவில் ஒரு மாமரம், அதைச் சுற்றி வட்டப் பாத்தி.

அடிக்கோட்டுக்குச் செங்குத்து என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் அப்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு கட்டும் கொத்தனார் மூலை பார்க்கும் முறையே இதற்கும் போதும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் இடையே சரியாக 5 அடி வந்தால் மூலை சதுரம். புல்தரைக்கு 6, 8, 10 அடி எடுத்தால் இன்னும் துல்லியமாக இருக்கும். மூலை சதுரமாக இல்லாத நாற்கரத்தை எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்கி அளக்கும் பழக்கம் மனை வியாபாரத்தில் பரவலாக இருக்கிறது. அந்த முறை எப்போதும் பரப்பைக் கூட்டித்தான் காட்டும். மூலைகள் கோணலாகக் கோணலாகப் பிசகு வளரும். அத்தகைய இடத்தில் மூலைவிட்டத்தையும் அளந்து இரண்டு முக்கோணங்களாகப் பிரிப்பதே சரி.

இனி கணக்கு. எதிர்ப்புற வளைவை மறந்துவிட்டு, இடது முனையிலிருந்து வலது முனைக்கு ஒரு கயிற்றை நேராக இழுத்துக் கட்ட வேண்டும். இப்போது கயிறுகளுக்குள் இருப்பது ஒரு செவ்வகமும் அதன்மேல் ஒரு செங்கோண முக்கோணமும். செவ்வகம் 32 அடிக்கு 14 அடி: 448 சதுர அடி. முக்கோணத்தின் அடிப்பக்கம் 32 அடி, உயரம் 20-இல் 14 போக 6 அடி. பாதி எடுக்க 96 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 544.

எதிர்ப்புறம் இழுத்த கயிற்றின் நீளம் 32½ அடி. வளைந்த ஓரம் அந்தக் கயிற்றை ஓரிடத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. இடப்பக்கத்திலிருந்து 20 அடி வரை தரை கயிற்றுக்கு வெளியே புடைத்திருக்கிறது. மிச்சம் 12½ அடியில் கயிற்றுக்கு உள்ளே வாங்கியிருக்கிறது. புடைப்பில் கயிற்றிலிருந்து ஓரம் மிக விலகியிருக்கும் இடத்தில் கயிற்றுக்குச் செங்குத்தாக அளந்தால் 3 அடி. உள்வாங்கிய பகுதியில் அதே போல 2 அடி.

இங்கேதான் அந்த விதி வருகிறது. ஒரு புடைப்பின் பரப்பு, அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்க்கோட்டின் நீளத்தைப் புடைப்பின் உயரத்தால் பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கு. பள்ளிப் புத்தகத்தில் நாண் என்று சொல்வது இந்த நேர்க்கோட்டைத்தான். 20 அடி நாண், 3 அடி உயரம்: பெருக்கினால் 60, மூன்றில் இரண்டு பங்கு 40 சதுர அடி. உள்வாங்கிய பகுதிக்கு 12½-ஐ 2-ஆல் பெருக்கினால் 25. மூன்றில் இரண்டு பங்கு 17 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. முன்னதைக் கூட்டி, பின்னதைக் கழித்தால் 544 என்பது 567 ஆகிறது.

இந்த மூன்றில் இரண்டு பங்கு தோட்டக்காரர்கள் கண்மதிப்பாகச் சொல்லி வைத்தது அல்ல. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்யூஸ் நகரத்தில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், பரவளைவு என்னும் வளைகோட்டுக்கு இதை நிரூபித்தார். வளைவுக்குள் நாணை அடிப்பக்கமாகக் கொண்டு வரையும் முக்கோணத்தைப் போல மூன்றில் நான்கு மடங்கு பரப்பு அந்த வளைவுக்குள் அடங்கும் என்பது அவர் கண்டது. முக்கோணம் நாண்-உயரப் பெருக்கத்தில் பாதி; பாதியின் மூன்றில் நான்கு மடங்கு என்பது மூன்றில் இரண்டு பங்கு. தோட்டத்து ஓரம் கச்சிதமான பரவளைவாகவோ கச்சிதமான வட்டத்தின் துண்டாகவோ இருப்பதில்லை. ஆனால் மெல்லிய வளைவில் இவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். 20 அடி நாணும் 3 அடி உயரமும் உள்ள புடைப்பு உண்மையான வட்டத்தின் துண்டாக இருந்தால் அதன் பரப்பு 40.7 சதுர அடி. விதி சொன்னது 40. முக்கால் சதுர அடிக்கும் குறைவான வித்தியாசம்.

புடைப்பு ஆழமாக ஆக விதி தளரும். அதே 20 அடி நாணுக்கு உயரம் 5 அடி என்றால் விதி ஏறக்குறைய 67 சதுர அடி என்னும். வட்டத்துண்டின் உண்மைப் பரப்பு 70-ஐ ஒட்டி இருக்கும். நூற்றுக்கு ஐந்துக்குள் நிற்கும் இந்தப் பிசகைப் பொறுத்துக்கொள்ளலாம். முழு அரைவட்டத்துக்கே இந்த விதியைப் போட்டால் நூற்றுக்கு 15 குறைந்துவிடும்; அதைப் பொறுக்க முடியாது. ஆகவே உயரம் நாணில் கால் பங்குக்கு மேல் போனால் அந்தப் புடைப்பை இரண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாக நாண் கட்டி அளக்க வேண்டும். அல்லது அரைவட்டமாகவே கணக்கிட வேண்டும்.

வலப்பக்கத்துத் துண்டு அப்படிப்பட்டதுதான். 14 அடிக் கயிறு அதன் விட்டம். கயிற்றின் நடுவிலிருந்து ஓரம் வரை எந்தத் திசையில் டேப்பை நீட்டினாலும் 7 அடி வருகிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவு வந்தால்தான் அது அரைவட்டம். ஒரு திசையில் மட்டும் அளந்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. 7-ஐ 7-ஆல் பெருக்கி, 22/7-ஆல் பெருக்கி, பாதி எடுத்தால் 77 சதுர அடி. இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போடுவது. அப்படிச் செய்தால் விடை நான்கு மடங்காகி 308 என்று நிற்கும். அந்த அரைவட்டத்தைச் சுற்றி மனத்தால் ஒரு பெட்டி கட்டிப் பார்த்தால் தவறு உடனே தெரிந்துவிடும்: பெட்டி 14 அடிக்கு 7 அடி, 98 சதுர அடி. பெட்டிக்குள் இருப்பது பெட்டியைவிடப் பெரிதாக முடியாது.

மாமரத்தைச் சுற்றியுள்ள வட்டப் பாத்தியைக் கழிக்க வேண்டும். நடுவில் மரம் நிற்பதால் விட்டத்தை நேராக அளக்க டேப் போகாது. பழந்தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரம் சொல்லும் வட்டப் பரப்பு விதி இங்கே அழகாகப் பொருந்துகிறது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குவது. ஓரத்தைச் சுற்றி டேப்பை ஓட்டினால் சுற்றளவு 22 அடி. அதை 22/7-ஆல் வகுக்க விட்டம் 7 அடி. பாதிச் சுற்று 11, பாதி விட்டம் 3½. பரப்பு 38½ சதுர அடி. தரைக்கு நடுவே இருக்கும் கிணற்று மேடை, தண்ணீர்த் தொட்டி போன்ற எந்த வட்டத்துக்கும் இதே வழி செல்லும்.

ஆக 567-உடன் 77 சேர்ந்து 644; அதில் 38½ போக 605½. 605 சதுர அடி என்று எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 1.4 சென்ட்.

இதை வேறொரு வழியில் சரிபார்க்க முடியும். ஓரம் எந்த வடிவத்திலும் சேராமல் தாறுமாறாக வளைந்திருந்தால் இந்த இரண்டாவது வழியே முதல் வழியும் ஆகும். அடிக்கோட்டில் ஒவ்வொரு 4 அடிக்கும் ஒரு முளைக்குச்சி அடித்து, ஒவ்வொரு குச்சியிலிருந்தும் செங்குத்தாக எதிர் ஓரம் வரை அளக்க வேண்டும். 32 அடிக்கு இரு முனைகளையும் சேர்த்து ஒன்பது அளவுகள். இந்தத் தரையில் அவை வரிசையாக 20, 21¼, 21½, 20¾, 18¾, 16, 13¾, 13, 14 அடி. அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவே இருக்கும் பட்டை ஏறக்குறைய ஒரு சரிவகம். எட்டுச் சரிவகங்களையும் தனித்தனியே போட வேண்டாம்: முதல் அளவையும் கடைசி அளவையும் கூட்டிப் பாதியாக்கினால் 17, இடையில் உள்ள ஏழையும் கூட்டினால் 125, மொத்தம் 142. அதை இடைவெளியான 4 அடியால் பெருக்கினால் 568 சதுர அடி. துண்டு துண்டாகப் பிரித்துக் கண்டது 567. அரைவட்டத்தையும் மரப் பாத்தியையும் இரண்டு வழியிலும் ஒரே மாதிரிதான் சேர்க்கவும் கழிக்கவும் வேண்டும்.

சரிவக முறையில் ஒரு சாய்வு உண்டு. வளைந்த ஓரத்தைச் சிறு சிறு நேர்க்கோடுகளாக அது எண்ணிக்கொள்வதால், வெளியே புடைத்த இடத்தில் கொஞ்சம் குறைத்தும் உள்ளே வாங்கிய இடத்தில் கொஞ்சம் கூட்டியும் சொல்லும். பாம்பு வளைவில் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. ஓரம் முழுக்க வெளியே மட்டும் புடைத்திருந்தால் குச்சிகளை 4 அடிக்குப் பதில் 2 அடிக்கு ஒன்றாக அடிப்பது நல்லது.

இரண்டு வழியும் வெகு தூரம் விலகினால் எங்கோ அளவு தவறியிருக்கிறது. பெரும்பாலும் அது அங்குலத்தைப் புள்ளியாக எழுதியதால் வந்ததாக இருக்கும். 21 அடி 3 அங்குலம் என்பது 21.3 அல்ல, 21.25, 21 அடி 9 அங்குலத்தை 21.9 என்று எழுதுவதும் அதே பிழை. 10 அங்குலத்தில் இது இன்னும் மோசமாகும்: 21 அடி 10 அங்குலத்தை 21.10 என்று எழுதிக் கால்குலேட்டரில் போட்டால் அது 21 அடி 1 அங்குலம் சொச்சம் ஆகிவிடும். தாளில் அடியையும் அங்குலத்தையும் தனித்தனியே எழுதி, கணக்குப் போடும்போது மட்டும் அங்குலத்தை 12-ஆல் வகுத்துச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. சரிவான தரையில் டேப்பை மண்ணை ஒட்டியே பிடிக்க வேண்டும். புல் படுப்பது மண்ணின்மேல்தானே. ஆனாலும் 5 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில்கூடப் பரப்பு நூற்றுக்கு இரண்டுதான் கூடும்.

வளைந்த ஓரத்தைப் பார்த்து மிரள்பவர்கள் கவனத்தை எல்லாம் அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள். கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 20 அடிப் புடைப்பின் உயரத்தை 3 அடிக்குப் பதிலாக 3 அடி 4 அங்குலம் என்று தவறாக அளந்தால் கூடுவது நாலரைச் சதுர அடி. அடிக்கோடு வராந்தா விளிம்பிலிருந்து அரை அடி தள்ளித் தொடங்க வேண்டும் என்பதை மறந்துவிட்டால், 32 அடி நீளம் முழுக்க அரை அடி சேர்ந்து 16 சதுர அடி கூடிவிடும். செவ்வகத்தின் பக்கங்களையும் அரைவட்டத்தின் விட்டத்தையும் இரண்டு தரம் அளப்பது, வளைவை நான்கு தரம் அளப்பதைவிடப் பலன் தரும். படத்தைத் துண்டாக்கும்போதும் பெரிய செவ்வகம் எவ்வளவு பெரிதாக அடங்குகிறதோ அவ்வளவு நல்லது. அதற்கு வெளியே நிற்கும் தோராயத்தின் பங்கு சுருங்கிவிடும்.

வளைவு உண்மையில் செலவு வைப்பது பரப்பில் அல்ல, வெட்டில். ஷீட்டுகள் செவ்வகம். இங்கே ஒவ்வொன்றும் 2 அடி நீளம், 1 அடி அகலம் என்று கொள்ளலாம். நர்சரிக்கு நர்சரி அளவு மாறும் என்பதால் கேட்டுக்கொள்ள வேண்டும். நேர் ஓரத்தில் ஷீட் சரியாகப் போய் உட்காரும். வளைந்த ஓரத்தில் கோட்டைத் தாண்டி விரித்து, பிறகு கத்தியால் கோட்டை ஒட்டி அறுக்கிறார்கள். சில இடத்தில் ஷீட் முழுவதும் வெளியே போகும், சில இடத்தில் கொஞ்சம்; சராசரியாக அரை அடிப் பட்டை வீணாகும் என்று வைக்கலாம். அதனால் சேதாரம் தரையின் பரப்பைப் பொறுத்ததாக இல்லாமல், வளைந்த ஓரத்தின் நீளத்தைப் பொறுத்ததாக இருக்கிறது. இந்தத் தரையில் பூம்பாத்தி ஓரம் வளைவோடு அளக்க 34½ அடி, அரைவட்ட ஓரம் 22 அடி, மரப் பாத்தி ஓரம் 22 அடி. மொத்தம் 78 அடி சொச்சம். அரை அடியால் பெருக்க 39 சதுர அடி, அதாவது 605-இல் நூற்றுக்கு ஆறு. கிழிந்ததும் ஓரம் காய்ந்ததுமாக வரும் சில ஷீட்டுகளையும் எண்ணிக்கொண்டு நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 665 சதுர அடி. 2 சதுர அடி ஷீட்டாக 333.

வளைந்த தரைக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்துக்கொள் என்ற வழக்கமான சொல் இந்த அளவுத் தரைக்குப் பொருந்துகிறது. சின்னத் தரைக்குப் பொருந்தாது. 7 அடி விட்டமுள்ள வட்டத் திட்டு ஒன்றில் மட்டும் புல் போடுவதாக இருந்தால் பரப்பு 38½ சதுர அடி, ஓரம் 22 அடி. அரை அடிப் பட்டை 11 சதுர அடி. அது நூற்றுக்கு 29. பத்து சேர்த்து வாங்கியவருக்கு வேலை முடிகிற நேரத்தில் பல ஷீட் குறையும். ஓர நீளத்தைக் கொண்டு கணக்கிட்டால் இந்தத் தொல்லை வராது.

வெட்டிய துண்டுகள் எல்லாமே வீண் அல்ல. அரை ஷீட் அளவில் மிஞ்சியதை அடுத்த வரிசையின் தொடக்கத்தில் பயன்படுத்தலாம். ஆனால் கையகலத் துண்டுகளை ஓரத்தில் சொருகக்கூடாது. ஓரத்து மண் இரண்டு பக்கமும் காற்றுப்பட்டு முதலில் உலரும். அங்கே வேர் பிடிக்குமுன் சின்னத் துண்டு காய்ந்து சுருண்டுவிடும். ஓரத்துக்கு முழு ஷீட், துண்டுகள் உள்ளே என்பதே முறை. போட்ட சில நாளில் வளைவின் ஓரமாக மட்டும் பழுப்புத் திட்டுகள் வரிசையாகத் தெரிந்தால் அங்கே சின்னத் துண்டு போட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் கொரியன் புல் பெரும்பாலும் ஷீட்டாகவே வருகிறது. சிக்கனமாகச் செய்ய விரும்புவோர் அந்த ஷீட்டையே பிய்த்துக் கணு உள்ள துணுக்குகளாக நடுவதும் உண்டு. அதற்கும் 605 என்ற எண்ணே போதும்: அரை அடிக்கு ஒரு குத்து என்றால் சதுர அடிக்கு நான்கு, மொத்தம் 2,420 குத்து. தரை மூடச் சில மாதம் பொறுக்க வேண்டும்.

விதையின் கணக்கு வேறு மாதிரி. விதைக்கத் தோதானது பெர்முடா. நம் அருகம்புல்லும் அதே இனம்தான். ஆனால் கலப்பின பெர்முடா வகைகள் முளைக்கும் விதையைத் தருவதில்லை, அவற்றை ஷீட்டாகவோ துணுக்காகவோதான் வாங்க வேண்டும். சாதாரண பெர்முடாவின் உமி நீக்கிய விதைக்குச் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் என்பது வழக்கமான அளவு. ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. ஆகவே 605 சதுர அடி என்பது 56 சதுர மீட்டர். நடுத்தரமாக 7 கிராம் போட்டால் ஏறக்குறைய 390 கிராம்.

இங்கே பரப்பில் நூற்றுக்குப் பத்து பிசகினால் 39 கிராம் விதைதான் கூடும், குறையும். மிஞ்சியதை உலர்ந்த இடத்தில் மூடி வைத்துப் பிறகு சொட்டை விழுந்த இடத்தில் தூவலாம். விதையைப் பெரிதாக மாற்றுவது பையின்மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்கள்: தூய்மை, முளைப்புத்திறன். தூய்மை நூற்றுக்கு 95, முளைப்பு நூற்றுக்கு 80 என்றால் பையில் உள்ள எடையில் உண்மையில் முளைக்கக்கூடியது 95-இல் 80 பங்கு, அதாவது நூற்றுக்கு 76. 390 கிராம் முளைக்கும் விதை வேண்டுமானால் 390-ஐ 0.76-ஆல் வகுத்து 513 கிராம் வாங்க வேண்டும். மேலே சாயமும் மண்ணும் பூசிய விதையில் பூச்சே எடையில் பாதிவரை இருக்கக்கூடும். அதற்கு இருமடங்கு எடை தேவைப்படும். பை பெரிதாகத் தெரிகிறது என்று பூசிய விதையைப் பூசாத விதையின் அளவிலேயே தூவினால் தரை பாதிக்குப் பாதி வெறிச்சென்று முளைக்கும். அளவுக்கு மீறித் தூவினாலும் நன்மை இல்லை. நெருக்கி முளைத்த நாற்றுகள் ஒன்றையொன்று அடக்கி மெலிந்து நின்று, ஈரம் தங்கியதும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும்.

பெர்முடா விதை மிகப் பொடி. கிராமுக்குச் சில ஆயிரம் விதைகள். இதைக் கையால் சமமாகத் தூவுவது கடினம் என்பதால் விதையைப் போல நாலைந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவுகிறார்கள். பாதியை நீளவாட்டிலும் மறுபாதியைக் குறுக்குவாட்டிலும் தூவினால் விடுபட்ட இடம் குறையும்.

பரப்பைக் கண்டுபிடிக்க வரைந்த அதே துண்டுகள் இந்தத் தூவலுக்கும் உதவுகின்றன. முழு விதையையும் ஒரே கூடையில் வைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து தூவத் தொடங்கினால், வளைந்த தரையில் கடைசி மூலைக்கு வரும்போது விதை தீர்ந்திருக்கும் அல்லது நிறைய மிஞ்சியிருக்கும். தூவும் முன் துண்டுகளின் பரப்புக்கு ஏற்பப் பங்கிட்டுவிட வேண்டும். வாங்கிய 513 கிராமில் அரைவட்டத்தின் பங்கு 605-இல் 77. அதாவது 65 கிராம். மிச்சம் 448 கிராம் பெரிய பகுதிக்கு. பெரிய பகுதியிலும் மாமரத்தின் பக்கம் ஒரு கயிறு கட்டி இரண்டாகப் பிரித்துக்கொண்டால் கை இன்னும் சீராகப் போகும். வளைந்த ஓரத்தை ஒட்டி வரும்போது கையை வீசக்கூடாது. கோட்டிலிருந்து உள்பக்கமாகக் குனிந்து தூவ வேண்டும். பெர்முடா ஒருமுறை பூம்பாத்திக்குள் விழுந்து முளைத்துவிட்டால் தரைக்கடியிலும் மேலுமாகத் தண்டு ஓட்டிப் பரவும். அதைக் களைவது பெரும்பாடு. குழாய் கிடந்த சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஒரு சாண் ஆழத்துக்குச் செங்கல் வரிசையோ தகடோ பதித்துவிட்டால் வளைவும் கலையாமல் நிற்கும், புல்லும் எல்லை தாண்டாது.